ஓடுறதுக்கு எதுக்குப்பா இவ்வளவு லீவு?

மதுரை விமான நிலையத்தின் ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்திலிருக்கும் எங்கள் அவனியாபுரமும் ஏறத்தாழ அதே மட்டம்தான். லடாக்கின் லே நகரம் இருப்பது சுமார் 3,500 மீட்டரில். அங்கே 2012 முதல் செப்டம்பர் மாதத்தில் லடாக் மாரத்தான் நடக்கிறது. முழு மாரத்தான், அரை மாரத்தான், கர்துங் கணவாய் வழியாக ஓடும் 72 கிலோமீட்டர் ஓட்டம் என்று பல பிரிவுகள் உண்டு. நான் ஓடியது அரை மாரத்தான், 21.1 கிலோமீட்டர். ஐம்பதை நெருங்கும் வயது, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை, காலையில் ரிங் ரோட்டில் ஓட்டம். என்னைப் போன்ற சமவெளி ஆள் அந்த உயரத்துக்கு எப்படித் தயாராவது என்பதைத்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் கூச்சமான விஷயங்களும் வரும்.

முதல் கூச்சம் அலுவலகத்தில். ஏறக்குறைய இரண்டு வாரம் லீவு கேட்டு மேலாளர் முன்னால் நின்றேன். அவர் விண்ணப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏப்பா, 21 கிலோமீட்டர்தானே? ஓடுறதுக்கு எதுக்குப்பா இவ்வளவு லீவு? நடந்தே போறியா?" என்றார். பக்கத்து மேசைகளில் சிரிப்பு. "இல்ல சார், பத்து நாள் முன்னாடியே போய் அங்க சும்மா இருக்கணும்" என்றேன். சிரிப்பு கூடியது. சும்மா இருக்க லீவு கேட்டவன் என்ற பெயர் இன்றுவரை எனக்கு இருக்கிறது. ஆனால் நான் செய்த தயாரிப்பிலேயே உருப்படியானது அந்தச் சும்மா இருந்ததுதான். காரணத்தைச் சொல்கிறேன்.

மலையில் ஆக்சிஜன் சதவீதம் குறைவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. அவனியாபுரத்துக் காற்றிலும் லேயின் காற்றிலும் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். இங்கே சுமார் 750 மில்லிமீட்டர் பாதரச அளவு, லேயில் ஏறத்தாழ 500. நெஞ்சு நிறைய இழுத்தாலும் சொம்பு அதே சொம்புதான். உள்ளே விழுகிற ஆக்சிஜன் மூன்றில் இரண்டு பங்கு. இதற்கு உடம்பு செய்யும் முதல் காரியம் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடுவது. அப்படி விடும்போது ஆக்சிஜன் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. கூடவே கரியமில வாயுவும் அளவுக்கு மேல் வெளியே போய்விடுகிறது. அது குறைந்ததும் ரத்தம் காரத் தன்மைக்குச் சாய்கிறது. மூளை அதைப் பார்த்து, "போதும், மெதுவா மூச்சு விடு" என்று கடிவாளம் போடுகிறது. ஆக்சிஜன் வேண்டும் என்று ஒரு கட்டளையும், மூச்சைக் குறை என்று இன்னொரு கட்டளையும் ஒரே நேரத்தில் வருகின்றன.

இந்தச் சண்டையைத் தீர்த்துவைப்பது சிறுநீரகம். ரத்தத்தில் கூடிப்போன காரத்தை, அதாவது பைகார்பனேட்டை, அது சிறுநீரோடு வெளியேற்றுகிறது. மலைக்குப் போனவர்கள் அடிக்கடி சிறுநீர் கழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காரம் இறங்க இறங்கக் கடிவாளம் தளர்கிறது, மூச்சு இன்னும் கூடுகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் மெல்ல ஏறுகிறது. இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் நடக்கிற காரியம் இல்லை. ஓரளவு சரியாக நாலைந்து நாளாகும், நன்றாகப் பழக ஒரு வாரத்துக்கு மேலாகும். புதிய சிவப்பணுக்கள் உருவாகி எண்ணிக்கை கூடுவதோ வாரக்கணக்கு வேலை. எரித்ரோபொயெட்டின் என்ற ஹார்மோன் சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கினாலும், அது கொடுத்த உத்தரவு அணுக்களாக மாறிக் காலுக்கு வந்து சேர்வதற்குள் நம் லீவு முடிந்துவிடும். பத்து நாள் முன்னால் போகிறவனுக்குக் கிடைப்பது மூச்சும் சிறுநீரகமும் பழகிக்கொள்வது மட்டுமே. அந்தப் பழக்கத்தை அவனியாபுரத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடியும் வாங்க முடியாது. அதற்கு அந்த உயரத்தில் உடம்பு கிடக்க வேண்டும்.

இது தெரிந்த பிறகும் ஆசை விடவில்லை. எங்கள் ஓட்டக் கூட்டத்தில் ஒரு தம்பி, முகத்தில் மாட்டுகிற 'மலைப் பயிற்சி' முகமூடி ஒன்றை இணையத்தில் வாங்கி வந்தான். அதை மாட்டிக்கொண்டு அயன்பாப்பாக்குடிப் பக்கம் அவன் ஓடியபோது தெருநாய்களெல்லாம் கூடவே ஓடின. அந்த முகமூடி மூச்சு இழுப்பதைக் கடினமாக்குகிறது, அவ்வளவுதான். உள்ளே போகிற காற்றின் அழுத்தம் மதுரை அழுத்தமாகவே இருக்கிறது. மூச்சுத் தசைகள் கொஞ்சம் வலுப்படலாம். சிறுநீரகத்துக்கு மலையேறிய சேதியே போகாது.

அடுத்தது கொடைக்கானல். மதுரைக்காரனுக்குக் கைக்கெட்டிய உயரம் அதுதான், சுமார் 2,100 மீட்டர். சனிக்கிழமை காலையில் வத்தலக்குண்டு வழியாக ஏறி, ஏரியைச் சுற்றி ஓடி, ஞாயிறு மாலை இறங்கிவிடலாம். அப்படிச் சில முறை போனேன். ஏரிச் சுற்று கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர், அளந்து ஓட வசதி. முதல் தடவை ஓடி முடித்து நேரத்தைப் பார்த்தால், மதுரையில் ஓடுகிற நேரத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. கூட வந்தவர்களுக்கு ஒரே சந்தோஷம். உயரம் நம்மை ஒன்றும் செய்யவில்லை, லே எல்லாம் சாதாரணம் என்று பேச்சு கிளம்பியது.

எனக்கு அதில் ஒரு சந்தேகம். நாங்கள் ஒப்பிட்ட மதுரை நேரம் எப்போது ஓடியது? மே மாதத்தில், விடிவதற்கு முன்பே சட்டை நனைகிற புழுக்கத்தில் ஓடியது. வெயிலும் புழுக்கமும் இருந்தால் ரத்தத்தின் ஒரு பங்கு உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்குப் போய்விடும், காலுக்குக் கிடைப்பது குறையும். ஆகவே அந்த நேரமே மெதுவான நேரம். கொடைக்கானலின் குளிர் எங்களுக்கு எவ்வளவு கொடுத்ததோ, ஏறத்தாழ அவ்வளவை அதன் உயரம் பிடுங்கிக்கொண்டது. கூட்டிக் கழித்து விடை ஒன்றாக வந்ததும் நாங்கள் சந்தோஷப்பட்டோம். டிசம்பர் மாதத்து மதுரை நேரத்தோடு ஒப்பிட்டபோதுதான் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட அரை நிமிடம் இழந்திருப்பது தெரிந்தது. சமவெளியிலிருந்து கோடையில் மலைக்குப் போய் நேரம் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வார இறுதிக் கொடைக்கானலால் வேறு லாபம் இல்லையா என்றால், உண்டு. ஏற்றத்திலும் இறக்கத்திலும் தொடைத் தசை பழகும். இறக்கம் முக்கியம். லேயின் ஓட்டப் பாதை ஊரிலிருந்து சிந்து நதிப் பக்கம் இறங்கி, கடைசியில் மறுபடி ஊரை நோக்கி ஏறுகிறது. இறக்கத்தில் தொடை அடிபட்டவன் அந்தக் கடைசி ஏற்றத்தில் நிற்பான். இந்தப் பழக்கத்துக்குக் கொடைக்கானல்கூட வேண்டாம். அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலை போகும் மலைச் சாலை போதும். பெரும்பாலும் அங்கேதான் ஓடினேன், குரங்குகளுக்குப் பயந்து கையில் எதையும் எடுத்துப்போகாமல். ஆனால் ஒரு இரவு கொடைக்கானலில் தூங்கியதால் மூச்சு பழகிவிட்டது என்று கணக்கு எழுதக்கூடாது. அந்தக் கொஞ்சமும் கீழே இறங்கிய சில நாட்களில் கரைந்துவிடும்.

சரி, சமவெளியில் இருந்தபடியே செய்யக்கூடியது எது? நான் தேடிப் பார்த்த வரையில் உறுதியாக இரண்டுதான். ஒன்று ரத்தத்தில் இரும்பு. இன்னொன்று வேகத்தை மறந்து உழைப்பை அளக்கப் பழகுவது.

இரும்பு விஷயத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் கூட்டத்தில் ஓடும் ஒரு பள்ளி ஆசிரியை. டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவோம். லேக்குப் பதிவு செய்தவர்களில் அவரும் ஒருவர். ஹீமோகுளோபின் பார்த்தார், 12.1 வந்தது. பெண்களுக்கு 12 இருந்தால் சரி என்று எல்லோரும் சொன்னோம். அவருடைய மருத்துவர் விடவில்லை. "ஃபெரிட்டினும் எடுத்துட்டு வாங்க" என்று எழுதிக் கொடுத்தார். வந்தது 11. ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற அளவு. 30-க்குக் கீழே போனாலே கையிருப்பு குறைவு என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஹீமோகுளோபின் அன்றாடச் செலவுக் கணக்கைக் காட்டும், கையிருப்பைக் காட்டாது. மலைக்குப் போனதும் உடம்பு புதிய சிவப்பணுக்களுக்கு உத்தரவு போடுகிறது. அதற்கு இரும்பு வேண்டும். கையிருப்பு இல்லாதவர் எத்தனை நாள் முன்னால் போய் உட்கார்ந்தாலும் அந்த உத்தரவு காகிதத்திலேயே நிற்கும்.

டீச்சரம்மா சுமார் மூன்று மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்டார். காபியோடும் டீயோடும் சாப்பிட்டால் அவை இரும்பை உடம்பில் சேரவிடாது என்று மருத்துவர் சொன்னதால், காலைக் காபியைத் தள்ளிப்போட்டு எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கினார். மதுரையில் விடிகாலைக் காபியைத் தள்ளிவைப்பது எவ்வளவு பெரிய தியாகம் என்று இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கிளம்புவதற்கு முன் எடுத்ததில் ஃபெரிட்டின் 40-ஐத் தாண்டியிருந்தது. அதற்குள்ளாகவே அவருக்கு மதுரை ஓட்டத்திலும் அசதி குறைந்துவிட்டது. நானும் பார்த்தேன், எனக்குச் சரியாகவே இருந்தது. ஆகவே மாத்திரை எடுக்கவில்லை. சரியாக இருக்கிறவர்கள் இரும்பை விழுங்குவதால் லாபமில்லை, மிஞ்சினால் கெடுதல். பரிசோதிக்காமல் மருந்துக் கடையில் வாங்கித் தின்னக்கூடாது.

வேகத்தை மறப்பது அதைவிடக் கஷ்டம். என் மதுரை அரை மாரத்தான் நேரம் 2 மணி 5 நிமிடம், அதாவது கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 55 வினாடி. ஏறத்தாழ 3,500 மீட்டரில் சமவெளி ஆள் ஒருவரின் ஆக்சிஜன் பயன்படுத்தும் உச்சத் திறன் 15 முதல் 20 சதவீதம் வரை குறைகிறது. நான் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 வினாடி வந்தது, மொத்தம் 2 மணி 30 நிமிடம். கடைசி ஏற்றத்துக்கு ஒரு பத்து நிமிடம் சேர்த்தால் 2 மணி 40. வீட்டில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது எனக்கு அழுகை வராத குறை. ஆண்டுக்கணக்கில் ஓடி ஓடிக் குறைத்த நிமிடங்களெல்லாம் ஒரு பெருக்கலில் போயின.

அந்தச் சமயத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தவர் ரான் கிளார்க். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னைச் சேர்ந்தவர், கடலோரத்து மனிதர். 10,000 மீட்டரில் 1965-இல் 27 நிமிடம் 39.4 வினாடி என்ற உலக சாதனை செய்தவர். 1968-இல் ஒலிம்பிக் மெக்சிகோ நகரில் நடந்தது. அதன் உயரம் சுமார் 2,240 மீட்டர், நம் ஊட்டி அளவு. அந்த ஓட்டத்தில் கென்ய மேட்டு நிலத்தில் வளர்ந்த நஃப்தாலி தெமு 29 நிமிடம் 27.4 வினாடியில் தங்கம் வென்றார். கிளார்க்கின் சாதனையை விட ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு மேல் மெதுவான நேரம் அது. அந்த மெதுவான ஓட்டத்திலும் கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார். ஆக்சிஜன் கொடுத்து எழுப்ப வேண்டியிருந்தது. அதே மெக்சிகோவின் மெல்லிய காற்று, சில வினாடிகளில் முடிந்துவிடும் நீளம் தாண்டுதலில் பாப் பீமனுக்குத் துணைதான் செய்தது; 8.90 மீட்டர் தாண்டினார். ஓட்டம் நீள நீளத்தான் உயரம் பாக்கி வசூலிக்கும். உலகத்தின் மிகச் சிறந்த கால்களுக்கே அந்தக் கதி என்றால், அவனியாபுரத்துக் கால் ஐந்தில் ஒரு பங்கை இழப்பதில் வெட்கம் என்ன?

இந்தத் தேறுதலோடு, கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடத் தொடங்கினேன். அளவுகோல் ஒன்றே ஒன்று. ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிய வேண்டும். டீச்சரம்மா பக்கத்தில் ஓடினால் வாக்கியத்துக்குப் பஞ்சமில்லை, பள்ளிக்கூடக் கதைகள் வரும். தனியாக ஓடும்போது எதிரே வருகிற பால்காரரிடமாவது இரண்டு வார்த்தை பேசினேன். இதயத் துடிப்பைப் பார்த்து ஓடுகிறவர்களும் உண்டு. ஆனால் மேலே போனதும், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். அதேசமயம் அதன் உச்சத் துடிப்பு கொஞ்சம் இறங்கியும் இருக்கும். மதுரையில் வகுத்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. வாக்கியம் எந்த உயரத்திலும் பொய் சொல்வதில்லை.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலில் ஓடிப் பழகினால் ரத்தத்தின் நீர்ப் பகுதி கூடுகிறது. மலைக்குப் போன ஓரிரு நாளில் அதே நீர்ப் பகுதி குறைகிறது. ஆகவே மதுரை வெயில் லேக்கு முன்பணம் என்று எங்கள் கூட்டத்தில் ஒரு கட்சி உண்டு. ஆராய்ச்சியாளர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. வேறு வழியில்லாததால் வெயிலில் ஓடினோம் என்பதுதான் உண்மை.

லேயின் விமான நிலையம் 3,256 மீட்டரில் இருக்கிறது. காலையில் டெல்லியில் ஏறினால், சிற்றுண்டி செரிப்பதற்குள் அங்கே இறக்கிவிடுகிறார்கள். உடம்புக்கு இதைவிடக் கொடுமை இல்லை. ஸ்ரீநகரிலிருந்து தரைவழியாக வந்து, 2,700 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கார்கிலில் இரவு தங்கி வருவது நல்லது. மணாலி வழி அப்படியல்ல. அதில் பலரும் இரவு தங்கும் சார்ச்சு லேயைவிட உயரமான இடம். நாங்கள் பணத்தையும் நாளையும் பார்த்து விமானத்தில்தான் போனோம். ஆகவே போய்ச் சேர்ந்த பிறகு செய்ய வேண்டிய ஒழுங்கை இந்திய ராணுவத்திடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

1962 போரின்போது சமவெளியிலிருந்து ஆயிரக்கணக்கான வீரர்கள் பழக அவகாசமில்லாமல் இமயத்துக்கு அனுப்பப்பட்டார்கள். உயர நோயால் விழுந்தவர்கள் பலர். இந்தர் சிங் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் அப்படிப் பாதிக்கப்பட்ட 1,925 வீரர்களைப் பற்றி 1969-இல் எழுதிய கட்டுரை இன்றும் இந்தத் துறையில் மேற்கோள் காட்டப்படுகிறது. ராணுவம் இன்று பின்பற்றும் முறையில் 9,000 முதல் 12,000 அடி வரை முதல் கட்டம், அதற்கு 6 நாள். முதல் இரண்டு நாள் முழு ஓய்வு, சாப்பிடவும் கழிப்பறைக்கும் எழுந்தால் போதும். மூன்றாம், நான்காம் நாள் சமதளத்தில் மெதுவாக 1.5 முதல் 3 கிலோமீட்டர் நடை. ஐந்தாம், ஆறாம் நாள் 5 கிலோமீட்டர் வரை நடை, 300 மீட்டர் வரை ஏற்றம். அதற்குப் பிறகுதான் வேலை. இளம் சிப்பாய்க்கே இந்தக் கணக்கு என்றால் குமாஸ்தாவுக்குச் சொல்ல வேண்டுமா?

முதல் நாள் மாலை தலைவலி தொடங்கியது. போய் இறங்கிய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வருவது அதன் வழக்கம். ராத்திரி தூங்கப் போனால் ஒரு விசித்திரம். கண் அசந்ததும் மூச்சு நின்றுவிடுகிறது. சில வினாடி கழித்து, தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவன் போல் திடுக்கிட்டு எழுகிறேன். நெஞ்சு படபடக்கிறது. இதைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். முன்பு சொன்ன இரண்டு கட்டளைகளும் தூக்கத்தில் மோதிக்கொள்வதுதான் இது, புதிதாக வருகிறவர்களுக்குச் சகஜம். எல்லாம் தெரிந்திருந்தும், அந்த இருட்டில் மனைவி மக்களை நினைத்து முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு கிடந்தேன். காலையில் தங்கும் வீட்டு அம்மா வெந்நீரும் சூப்பும் கொடுத்து, கையை ஆட்டி "படு, படு" என்று சைகை காட்டினார்.

கோவிட் காலத்தில் வாங்கி அலமாரியில் கிடந்த ஆக்சிமீட்டரைக் கொண்டுபோயிருந்தேன். முதல் நாள் 86 காட்டியது. மதுரையில் 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாட்களைப் பார்த்தவர்கள் நாம். அங்கே புதிதாக வந்தவனுக்கு அது எதிர்பார்க்கிற எண். விரல் சில்லிட்டிருந்தால் அது இன்னும் குறைத்துக் காட்டும். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். ஒற்றை எண்ணுக்குப் பயப்படாமல் அது போகிற திசையைப் பார்க்க வேண்டும். எனக்கு நாலைந்து நாளில் 90-ஐ எட்டியது, தலைவலியும் போனது, ராத்திரி மூச்சும் சீரானது. ஆறாம் நாளுக்குப் பிறகுதான் ஷூ கட்டினேன். அரை மணி நேரம் மெதுவோட்டம், வாக்கியம் சொல்லியபடி. அந்த வேகத்தை மதுரையில் ஓட்டம் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

முகமூடி வாங்கிய தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்புதான் வந்து இறங்கினான். வந்த அன்று மாலையே கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வந்தான். ராத்திரி தலைவலி, விடியலில் வாந்தி, பாராசிட்டமால் கேட்கவில்லை. "அண்ணே, வெறும் பித்தம்ணே, ஒரு தூக்கம் போட்டா சரியாயிடும்" என்றான். உயரத்துக்கு வந்த பிறகு வருகிற தலைவலியும் வாந்தியும், வேறு காரணம் நிரூபணமாகும் வரை உயர நோய்தான். அவனைக் குதிகாலையும் விரலையும் ஒட்டவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். நடந்தான். தள்ளாடியிருந்தால் மூளையில் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, இருமல் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தால் நுரையீரலில் நீர். இரண்டில் எது இருந்தாலும் உயிருக்கு ஆபத்து, உடனே ஆக்சிஜனும் கீழே இறங்குவதும்தான் வழி. லேயில் ஒரு சிக்கல் என்னவென்றால், கீழே இறங்குவதற்குக் கீழே இடமில்லை. சிந்து நதிக்கரையே 3,200 மீட்டர். இறங்குவது என்றால் விமானம்தான். தம்பிக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள், அசிட்டசோலமைடு மாத்திரை கொடுத்தார்கள், ஓடக்கூடாது என்றார்கள். அவன் ஓடவில்லை.

அந்த மாத்திரையைப் பற்றி ஓட்டக்காரர்களிடம் நிறையப் பேச்சு உண்டு. டையாமாக்ஸ் என்று கேட்டால் மருந்துக் கடையில் தெரியும். சிறுநீரகம் மெதுவாகச் செய்கிற காரம் கழிக்கும் வேலையை அது முடுக்கிவிடுகிறது, அதனால் பழகுவது விரைவாகிறது. முன்னெச்சரிக்கையாகப் பலருக்கு 125 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை, ஏறுவதற்கு முதல் நாளிலிருந்து எழுதிக் கொடுக்கிறார்கள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விரல் நுனியில் ஊசி குத்துவது போலிருக்கும். சுற்றுலாப் பயணிக்கு நல்ல மருந்து. ஆனால் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில், சிறுநீர் பெருக்கிகள் வரிசையில், அதன் பெயர் இருக்கிறது. பந்தயத்தில் ஓடப்போகிறவர் முன் அனுமதி வாங்காமல் சாப்பிடுவது விதிமீறல். கடைசி வரிசையில் ஓடும் எங்களை யார் சோதிக்கப்போகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். சோதிக்க மாட்டார்கள்தான். நாள் கையிலிருந்ததால் எனக்கு அது தேவைப்படவில்லை.

ஓட்ட நாள் காலையில் நல்ல குளிர். துப்பாக்கி வெடித்ததும் இறக்கத்தில் கால் தானாக ஓடியது. என் அருகில் ஓடியவர்கள் பலர் தங்கள் ஊர் வேகத்தில் போனார்கள். நான் எனக்குத் தெரிந்த திருப்புகழை முணுமுணுத்தபடி ஓடினேன். முணுமுணுப்பு திணறினால் வேகத்தைக் குறைத்தேன். வேர்வை தெரியவில்லை. அங்கே காற்று அவ்வளவு வறட்சி, வேர்ப்பது தோலிலேயே காய்ந்துவிடுகிறது. உப்பு மட்டும் நெற்றியில் பொரிந்திருக்கும். தாகம் தோன்றாவிட்டாலும் தண்ணீர் வைத்திருந்த மேசைகளில் எல்லாம் நின்று இரண்டு வாய் குடித்தேன். நதிப் பக்கத்திலிருந்து ஊரை நோக்கி ஏறும் இடத்தில், என்னை இறக்கத்தில் முந்தியவர்கள் இடுப்பில் கையை வைத்து நின்றுகொண்டிருந்தார்கள். நானும் ஓடவில்லை, நடந்தேன். நடக்க வேண்டும் என்று மதுரையிலேயே முடிவு செய்திருந்தேன். பள்ளிச் சீருடைக் கால்சட்டையில் ஒரு லடாக்கிப் பெண் பிள்ளை, "ஜூலே" என்று வணக்கம் சொல்லிவிட்டு அந்த ஏற்றத்தில் ஓடிப்போனாள். பதிலுக்கு ஜூலே சொல்ல எனக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. டீச்சரம்மா எனக்கு முன்பே முடித்துவிட்டார்.

என் நேரம் 2 மணி 43 நிமிடம். ஊருக்கு வந்ததும் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஒருவர் கேட்டார், நான் "முடிச்சாச்சு" என்று மட்டும் சொன்னேன். இன்னொருவர் விடாமல் கேட்டார், பேச்சை அந்த ஊர்க் குளிருக்கு மாற்றினேன். காலண்டர் தாளின் கணக்குக்கு மூன்று நிமிடம் பக்கத்தில் வந்த ஓட்டம் அது. என் ஓட்டங்களிலேயே திட்டப்படி ஓடியது அது ஒன்றுதான். ஆனாலும் அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பல மாதம் ஆனது. இப்போதுதான் அச்சிலேயே சொல்கிறேன்.

அடுத்த செப்டம்பருக்குப் பதிவு செய்ய நினைப்பவர்கள் ஷூ வாங்குவதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் எடுத்துப் பாருங்கள். குறைவாக இருந்தால் ஏற்ற மூன்று மாதம் பிடிக்கும். பிறகு அலுவலகத்தில் லீவைக் கேளுங்கள். பத்து நாள் முன்னதாகப் போக லீவு இல்லை என்றால், அந்த வருடம் லேயை விட்டுவிட்டு மதுரையிலேயே ஓடுங்கள்.